15,000 ராண்டில் ஒரு லவுஞ்ச்: எதற்குக் கொடுத்தோம், எதில் மிச்சம் பிடித்தோம்

தீபாவளிக்கு அடித்த பெயிண்ட் தைப்பூசத்துக்குள் பொரிந்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. விரலால் அழுத்தினால் உள்ளே மாவு மாதிரி வெள்ளை உப்பு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில், நகரசபை கட்டிய பழைய கவுன்சில் வீடு ஒன்றை வாங்கிக் குடியேறிய முதல் வருடம் அது. அதே தீபாவளிக்குத்தான் புது சோபாவும் வாங்கினோம். 14 மாதத்தில் அதன் நடு இருக்கை பள்ளமாகி, உட்கார்ந்தவர்கள் எல்லாம் நடுவை நோக்கிச் சரிய ஆரம்பித்தார்கள்.

அந்த முறை எங்கள் கணக்கு ரொம்ப எளிமையாக இருந்தது. கண்ணுக்குத் தெரிவதற்குப் பெரிய பணம், தெரியாததற்குச் சின்னப் பணம். சோபாவுக்குத்தான் அதிகம் போனது. சுவருக்கு இருப்பதிலேயே விலை குறைந்த 20 லிட்டர் வாளி. திரைச்சீலை ரெடிமேடு. இரண்டாம் தடவை அதே லவுஞ்சை (இங்கே எல்லோரும் வரவேற்பறையை அப்படித்தான் சொல்வார்கள்) சரிசெய்ய எங்களால் ஒதுக்க முடிந்தது 15,000 ராண்டுதான். அதனால் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இது கெட்டுப்போனால், இதைச் சரிசெய்ய வேறு எதையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும்? சுவர் கெட்டால் சோபாவை நகர்த்தி, திரையைக் கழற்றி, பிளக்கை அவிழ்த்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். குஷன் உறை கெட்டால் உறையை மட்டும் மாற்றினால் போதும். பிரிக்க வேண்டியது அதிகமானால் அதற்குப் பணம் முதலில். அந்தக் கணக்கில் சுவர் தானாகவே முன்னால் வந்து நின்றது.

பக்கத்து வீட்டுத் தாத்தா நாற்பது வருடம் பெயிண்டர் வேலை செய்தவர். அவர் மனைவி ஆயாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும், தாத்தா பேசுவது முக்கால்வாசி ஆங்கிலம்தான். கடைக்குக் கிளம்பிய என்னை வேலிப் பக்கம் நின்று தடுத்தவர் அவர். "பெயிண்ட் வாங்காதேமா, முதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாரு" என்றார்.

அவர் சொன்ன சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, உதிர்ந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு, சுவரோடு சேர்த்து நாலு ஓரத்திலும் டேப் போட்டு ஒட்டினோம். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டோம். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், ஈரமாக இருந்தால் அது அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம். சமையல், குளியல், மூடிய ஜன்னல் இவற்றால் வருவது. காற்றோட்டம் விட்டால் சரியாகும். உள்பக்கம், சுவரைத் தொட்ட பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்கள் தாளில் உள்பக்கம்தான் நனைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தோம், அது காய்ந்தே இருந்தது.

வெளியே போய்ப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. முன்பிருந்தவர்கள் ஜன்னலுக்குக் கீழே பூச்செடி பாத்தி கட்டியிருந்தார்கள். நாங்களும் அதில் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வைத்து, மண்ணும் எருவும் போட்டு மேலேற்றிவிட்டோம். சுவரின் அடியில், தரைமட்டத்துக்குச் சற்று மேலே, ஓதம் ஏறாமல் தடுக்க ஒரு கறுப்புத் தாள் வைத்துக் கட்டியிருப்பார்கள். நிலத்து ஈரம் அந்தத் தாளோடு நின்றுவிட வேண்டும். நாங்கள் போட்ட மண் அந்தத் தாளையும் தாண்டி மேலே ஏறியிருந்ததால் ஈரத்துக்குத் தடையே இல்லாமல் போய்விட்டது. போதாக்குறைக்கு ஜன்னல் அடிக்கட்டையில் ஒரு விரிசல், மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்க வழி.

மண்ணை வெட்டி எடுத்தோம். தாளுக்குக் கீழே ஒரு சாண் அளவு சுவர் வெளியே தெரிய வேண்டும் என்று தாத்தா அளந்து காட்டினார். கறிவேப்பிலை தொட்டிக்குப் போனது. விரிசலை அடைத்து, உள்ளே உளுத்துப்போன பூச்சைக் கொத்திவிட்டுப் புதுசாகப் பூச கொத்தனாருக்கு 1,600 ராண்டு. இந்த 1,600 கண்ணில் படாத செலவு, யாரும் வந்து "அழகாக இருக்கிறது" என்று சொல்லப் போவதில்லை. எனக்கும் கொடுக்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தடவை ஓதம் ஏறிய சுவரின் மேல் பெயிண்ட் அடித்தபோது பெயிண்டும் கூலியுமாகப் போனது 1,900.

அப்புறம் காத்திருந்தோம். இது மே மாதம் நடுவில். டர்பனில் மழை கோடைக்காலத்தில், ஏறக்குறைய அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் காற்று காயும். தீபாவளிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்ற ஊர்ப் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவந்தது எங்கள் தவறு. அந்த நேரத்தில் இங்கே காற்றில் ஈரம் ஏற ஆரம்பித்திருக்கும், சுவர் காயாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்தோம். ஜூலை நடுவில்தான் தாள் காய்ந்து வந்தது. இடையில் மறுபடி பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டித் துடைத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பழைய வீடு என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. கதவு, ஜன்னல் சட்டங்களைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசு கிளப்பாதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சட்டங்களைத் தேய்த்த இரண்டு நாளும் குழந்தையை ஆயா வீட்டில் விட்டிருந்தோம்.

சரி, பெயிண்ட். இங்கே சுவர்ப் பெயிண்டைப் பிவிஏ என்பார்கள். முதல் தடவை 20 லிட்டர் வாளியை 700 ராண்டுக்கு வாங்கியது மலிவு என்று நினைத்தோம். இந்தத் தடவை அளந்து பார்த்தேன். அறை 4.2 மீட்டருக்கு 3.4 மீட்டர், உயரம் 2.5. நாலு சுவரும் சேர்த்து 38 சதுர மீட்டர். ஜன்னலும் இரண்டு கதவும் கழித்தால் 33. இரண்டு கோட்டுக்கு 66. நல்ல பெயிண்ட் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 8 சதுர மீட்டர் ஓடும். ஆக, எட்டேகால் லிட்டர் போதும். கழுவக்கூடிய நல்ல ரகத்தில் 5 லிட்டர் டப்பா இரண்டு, 1,100 ராண்டு. மலிவு வாளியைவிட 400தான் அதிகம். மலிவு பெயிண்டை மூன்று கோட் அடித்தும் பழைய நிறம் எட்டிப் பார்த்தது, கைபட்ட இடத்தைத் துடைத்தால் பெயிண்டே துணியில் வந்தது. நல்ல பெயிண்டில் இரண்டு கோட்டோடு முடிந்தது.

அதற்கு முன்னால் பிரைமர், 500 ராண்டு. பழைய சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் பிரைமர் இல்லாமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. பட்டி, டேப், உப்புத்தாள், நல்ல ரோலர் எல்லாம் சேர்த்து 450. ரோலரில் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவு ரோலர் விட்ட பஞ்சு எங்கள் பழைய சுவர் முழுக்கக் காய்ந்து ஒட்டியிருந்தது.

மிச்சம் பிடித்தது கூரையில். லவுஞ்ச் கூரையை யாரும் தொடுவதில்லை, துடைப்பதில்லை. இருப்பதிலேயே மலிவான வெள்ளை, 5 லிட்டர் 200 ராண்டு. நன்றாகவே இருக்கிறது. (சமையலறை, குளியலறைக் கூரைக்கு இது பொருந்தாது. அங்கே ஆவி ஏறிப் பூஞ்சை பிடிக்கும்.)

இன்னொரு சின்ன இடம். காமாட்சி விளக்கு வைக்கும் மூலையில் சுவரில் புகைக்கரி ஏறும். அதற்காக அறை முழுக்க விலை கூடிய எனாமல் அடிக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆயா தன் வீட்டுக் குளியலறை வேலையில் மிஞ்சிய ஒரு வெள்ளை டைலைக் கொண்டுவந்து கொடுத்தார். விளக்குக்குப் பின்னால் அதைச் சாய்த்து வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கைத் துலக்கும்போது டைலையும் சேர்த்துத் துலக்கிவிடுவேன்.

சுவருக்கும் கூரைக்கும் எல்லாம் சேர்த்து 3,850 ஆனது. பெயிண்ட் வேலையை நாங்களே செய்தோம், தாத்தா மேற்பார்வை.

அடுத்தது சோபா. கடையில் பளபளப்பாக இருந்த எங்கள் பழைய சோபாவை அடித்துணி கிழித்துப் பார்த்தபோது சட்டம் சிப்போர்டு, ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்தியது. டர்பன் ஈரத்தில் சிப்போர்டு ஊதிப் பின் கழன்றுவிட்டது. இந்த ஊரில் நமக்கு ஒரு வசதி உண்டு. கியாட், இம்பூயா என்ற நல்ல மரங்களில் அந்தக் காலத்தில் செய்த சாமான்கள் பழைய சாமான் கடைகளில் இன்னமும் கிடைக்கின்றன. துணி நைந்து அசிங்கமாக இருப்பதால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்கள் எடுத்த மூவர் சோபா கியாட் கைப்பிடி, 1,800 ராண்டு. அதை ஏற்றிவர பக்கி என்ற சின்னச் சரக்கு வண்டிக்கு வாடகை 400.

சட்டம் திடமா என்று பார்க்க, முன்பக்கத்து ஒரு காலைப் பிடித்து அரை அடி தூக்குங்கள். இன்னொரு முன்காலும் கூடவே எழும்ப வேண்டும். ஒரு கால் மேலே வந்தும் இன்னொன்று தரையிலேயே இருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம், வாங்காதீர்கள். அப்படியே கவிழ்த்து, மரத்தில் பொடி உதிரும் சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சோபாவில் பணம் போட வேண்டியது ஃபோமில். இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கையால் அழுத்தி "நல்லா கெட்டியா இருக்கு" என்று வாங்குகிறோம். கெட்டியாக இருப்பதும் அடர்த்தியாக இருப்பதும் வேறு வேறு. அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும். கடையில் நன்றாக இருக்கும், ஒரு வருடத்தில் அமுங்கிவிடும். தினமும் உட்காரும் இருக்கைக்கு ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாத ஃபோம் கேட்டோம். கொடுத்தது அதுதானா என்று எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். எங்கள் இருக்கைத் துண்டு 55 சென்டிமீட்டருக்கு 55, கனம் 12. பெருக்கினால் 0.0363 கன மீட்டர். 30 கிலோ ஃபோம் என்றால் துண்டு ஒரு கிலோ 90 கிராம் அளவில் இருக்க வேண்டும். சமையலறைத் தராசைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். முதல் கடையில் "முதல் தரம்" என்று காட்டிய துண்டு 650 கிராம்தான் இருந்தது, அதாவது 18 கிலோ ஃபோம். இரண்டாம் கடையில் ஒரு கிலோ 110 கிராம். அங்கே மூன்று இருக்கைக்கும், சாய்வதற்குக் கொஞ்சம் மெல்லிய ரகத்திலுமாக 1,900 ராண்டு. சாய்மானத்துக்கு அவ்வளவு அடர்த்தி தேவையில்லை, உடம்புப் பாரம் அதில் விழுவதில்லை.

மேல்துணியில் மிச்சம் பிடிக்கப் போய் அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டேன். மீட்டர் 110 ராண்டு பாலியெஸ்டர், 7 மீட்டர் 770. தையல்கூலி 900. ஒரு வருடத்திலேயே உட்காரும் இடத்தில் குட்டிக் குட்டி உருண்டையாகத் திரிந்துவிட்டது. துணியை வாங்கும் முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவு நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, துணியைத் துணியோடு நூறு தடவை அழுத்தித் தேய்த்துப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். மீட்டருக்கு 60 ராண்டு கூடக் கொடுத்திருக்க வேண்டும். துணி மலிவாக இருந்தாலும் தையல்கூலி குறைவதில்லை, மறுபடி தைத்தால் மறுபடி 900. எங்கள் கேள்வியை இந்த இடத்தில் நான் கேட்கத் தவறிவிட்டேன்.

திரைச்சீலையில் இதற்கு நேர்மாறு. அங்கே முகத்துணி மலிவாக இருக்கலாம், பின்னால் வைக்கும் லைனிங்தான் வேலை செய்வது. எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் துணியைச் சாயம்போக வைத்து, அறையையும் காய்ச்சிவிடும். முகத்துணி மீட்டர் 90, வெளிச்சம் தடுக்கும் லைனிங் மீட்டர் 95. இரண்டும் 2.8 மீட்டர் அகலத் துணி என்பதால் அகலத்தையே உயரமாகத் திருப்பிப் போட்டால் நடுவில் தையலே வராது. 1.8 மீட்டர் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் 20 சென்டிமீட்டர் தள்ளி 2.2 மீட்டர் கம்பி, மடிப்பு விழ அதைப்போல இரண்டு மடங்கு 4.4, ஓரம் மடிக்க 30 சென்டிமீட்டர். ஆக 4.7 மீட்டர் போதும். மடிப்புக்கு இரண்டு மடங்கு துணி இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்த துணியும் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்ட மாதிரிதான் இருக்கும். மலிவுத் துணியாக இருந்தாலும் மடிப்பு நிறைந்து விழுந்தால் நன்றாக இருக்கும்.

கம்பிக்கும் அதைப் பிடிக்கும் கொக்கிக்கும் தாராளமாகவே கொடுங்கள். சுவர் உள்கூடு உள்ள சிமெண்ட் கல். முதலில் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டினோம். லைனிங் வைத்த திரையின் கனம் தாங்காமல் ஒரே வாரத்தில் பூச்சோடு பிய்த்துக்கொண்டு வந்தது, அடித்த புதுப் பெயிண்டும் போனது. கூடு உள்ள கல்லுக்கென்று உள்ளே விரிந்து பிடிக்கும் பிளக் தனியாக உண்டு. இரும்புக் கொக்கியோடு எல்லாம் சேர்த்து 480. இதோடு துணி, லைனிங், நாடா, தையல் எல்லாம் கூட்டித் திரைக்கு 1,755.

மின்சாரத்தில் பேரம் பேசவில்லை. அறையில் ஒரே பிளக் பாயிண்ட், மற்ற எல்லாம் பாய்க்கு அடியில் எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்னொரு பாயிண்ட் எடுத்து, சான்றிதழும் வாங்கிக்கொண்டோம், 1,100 ராண்டு. விளக்குகள் பழைய சாமான் கடையில் வாங்கியவை, புதுசாக வாங்கியது பல்பு மட்டும். 2700 கெல்வின் என்று எழுதியிருக்கும் மஞ்சள் வெளிச்சப் பல்பு. இங்கே திருகுவது, பின் மாட்டுவது இரண்டு வகையும் புழக்கத்தில் இருப்பதால் பழைய பல்பைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு மேசை விளக்கும் பல்புகளும் 620.

தரையை நாங்கள் தொடவே இல்லை. சிவப்புப் பாலிஷ் போட்ட பழைய சிமெண்டுத் தரை. லேமினேட் போட வேண்டும் என்று எனக்கு ஆசைதான், ஆனால் அதற்கு மட்டும் மொத்தப் பணமும் போயிருக்கும். மெழுகு தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, இன்செமா நாணலில் ஜூலுப் பெண்கள் நெய்யும் பாய் இரண்டு வாங்கி விரித்தோம், 360 ராண்டு. நம் கோரைப்பாய்க்கு உறவு மாதிரியே இருக்கும். மாதம் ஒரு தடவை வெயிலில் நிறுத்தி வைக்காவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும், அவ்வளவுதான் பராமரிப்பு. டீப்பாய் 350, அதுவும் பழையது. குஷன் உறைகள் என் பருத்திச் சேலைகள்.

எல்லாம் கூட்டினால் 13,805. மிச்சம் 1,195ஐ வேண்டுமென்றே தொடாமல் வைத்தோம். சுவரில் மாட்டப் படங்கள் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, ஒரு மழைக்காலம் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். டிசம்பரில் அந்தப் பணத்துக்கு வேலை வந்தது. இந்த வீடுகளில் ஜன்னல் சட்டம் இரும்பு, கடல் காற்றில் துரு ஏறிக் கண்ணாடியைச் சுற்றியிருந்த புட்டி விட்டுப்போய், ஒரு மூலையில் மழைநீர் கசிய ஆரம்பித்தது. துருவைச் சுரண்டி, இரும்புக்கான பிரைமரும் எனாமலும் அடித்து, புதுப் புட்டி வைக்க 380 ஆனது. அன்றைக்கே செய்யாமல் விட்டிருந்தால் தண்ணீர் இறங்கியிருப்பது அதே சுவருக்குள்தான்.

மார்ச்சில் மழை ஓய்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டி ஒரு நாள் விட்டோம். தாத்தாதான் வந்து பிரித்தார். இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்து, காய்ந்த விரலை என்னிடம் காட்டினார். கையில் 815 ராண்டு இருக்கிறது. நெருக்கமான துணி மீட்டர் 170 வீதம் 7 மீட்டர், தையலோடு 2,090. இன்னும் 1,275 சேர்ந்ததும் சோபாவுக்கு உறை மாற்றுவோம். ஃபோமைச் சென்ற வாரம் மறுபடி அழுத்திப் பார்த்தேன், அது அப்படியே இருக்கிறது.